பேட்டரி போச்சா, ஆல்டர்நேட்டர் போச்சா? புது பேட்டரி வாங்குமுன் எடுத்துப் பார்க்க வேண்டிய அளவுகள்

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றி நின்றுவிடுகிறது. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இந்த நிலையில் நம்மில் பெரும்பாலோர் நேராகப் போவது பேட்டரிக் கடைக்கு. கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்து, "12 கூட இல்லை சார், மாத்திடுங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. 12 வோல்ட் இல்லைதான். ஆனால் அந்த அளவு சொல்வதெல்லாம் பேட்டரி காலியாக இருக்கிறது என்பது மட்டுமே. பேட்டரியால் சார்ஜைத் தாங்க முடியாமல் காலியானதா, ஆல்டர்நேட்டர் சார்ஜே ஏற்றாமல் காலியானதா என்பதை அது சொல்லாது.

இதைப் பிரித்தறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். எடுக்க வேண்டியவை இரண்டு அளவுகள்: வண்டி ஓய்வில் இருக்கும்போது ஒன்று, செல்ஃப் அடிக்கும்போது ஒன்று. இந்த இரண்டும் பேட்டரியைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ காட்டிவிடும். பிறகு இன்ஜின் ஓடும்போது மூன்றாவதாக ஓர் அளவு எடுத்தால் ஆல்டர்நேட்டரின் கதையும் தெரிந்துவிடும்.

மீட்டரைப் பிடிப்பதற்கு முன்

மல்டிமீட்டரின் திருகை டிசி வோல்ட் பக்கம் 20 என்ற எண்ணில் வையுங்கள். டிசி என்பதற்கு ஒரு நேர்க்கோடும் அதன்கீழ் புள்ளிக்கோடும் போட்டிருப்பார்கள். கறுப்பு ஒயர் COM என்ற துளையில், சிவப்பு ஒயர் V என்று எழுதிய துளையில் இருக்க வேண்டும். அதே மீட்டரில் 10A என்று ஒரு துளை இருக்கும். சிவப்பு ஒயர் தவறி அதில் இருக்கும்போது பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட் ஆகும்; மீட்டர் புகையும், கையும் சுடும். ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். கையில் மோதிரமோ, இரும்புப் பட்டை வாட்ச்சோ இருந்தால் கழற்றி வையுங்கள்.

மீட்டர் முனையை கிளாம்ப் மேல் வைக்காதீர்கள். கிளாம்புக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் ஈயக் கட்டையிலேயே அழுத்தி வையுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

முதல் அளவு: ஓய்வு வோல்ட்

இப்போதுதான் ஓட்டி வந்து நிறுத்திய வண்டியில் ஓய்வு வோல்ட் பார்ப்பது வீண். ஓடும்போது ஏறிய சார்ஜ் தகடுகளின் மேற்பரப்பில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதனால் பாதி காலியான பேட்டரிகூட 12.8 காட்டி ஏமாற்றும். இரவு நிறுத்திய வண்டியில் காலை முதல் வேலையாக, கதவை ரிமோட்டில் திறப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. பானெட்டைத் திறக்க டிரைவர் கதவைத் திறந்தாக வேண்டுமே என்பீர்கள். முந்தைய இரவே பானெட் கொக்கியை விடுவித்து வைத்துவிடுங்கள். அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஓரளவுக்குச் சரியான அளவு கிடைக்கும்.

பேட்டரிக்குள் ஆறு செல்கள் உண்டு. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆறையும் கூட்டினால் 12.6. இதுதான் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பார்த்தீர்களா, நிறைந்த பேட்டரிக்கும் காலியான பேட்டரிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட வித்தியாசம் இல்லை. "12 இருக்கே, போதாதா?" என்று கேட்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிகளில் வரும் ஏஜிஎம் வகை பேட்டரி முழுச் சார்ஜில் இன்னும் சற்று மேலே, 12.8 வரை காட்டும்.

ஓர் அளவு மட்டும் தனியாக ஒரு கதை சொல்லும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்ட பிறகும் பேட்டரி 10.5 அருகிலேயே நிற்கிறது என்றால், 12.6-இலிருந்து ஒரு செல்லின் 2.1 கழிந்துவிட்டது என்று பொருள். மெக்கானிக்குகள் 'ஒரு செல் டெட்' என்பது இதைத்தான். இதற்கு மேல் சோதனை வேண்டாம், அந்த பேட்டரி முடிந்தது.

மற்றபடி ஓய்வு வோல்ட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. சொம்பிலும் விளிம்புவரை தண்ணீர் இருக்கலாம், அண்டாவிலும் இருக்கலாம். மேலிருந்து மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. தகடுகள் சல்பேட் படிந்து பாதி செத்துப்போன பேட்டரியும் அப்படித்தான் 12.6 காட்டும். அது சொம்பா அண்டாவா என்று தெரிய வேண்டுமானால் மொண்டு பார்க்க வேண்டும்.

இரண்டாவது அளவு: செல்ஃப் அடிக்கும்போது

மொண்டு பார்ப்பது என்பது செல்ஃப் அடிப்பதுதான். காரில் செல்ஃப் மோட்டாரைப்போல் மின்சாரம் குடிக்கும் பொருள் வேறில்லை. சிறிய பெட்ரோல் கார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பேட்டரியின் உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை, 10 மில்லி ஓம் என்றால் 150-ஐ 0.010-ஆல் பெருக்கினால் 1.5 வோல்ட். அதாவது 12.6-இலிருந்து 11.1-க்கு இறங்கும். அதே பேட்டரி வயதாகி உள்தடை 25 மில்லி ஓம் ஆகிவிட்டால் இழப்பு 3.75 வோல்ட். அப்போது 12.6 நேராக 8.85-க்கு விழும். ஓய்வில் இரண்டும் 12.6 காட்டிய பேட்டரிகள்தான். வயது வெளியே தெரிவது செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில்.

செய்யும் முறை எளிது, ஆனால் இரண்டு பேர் வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ஏசி, லைட், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒருவர் மீட்டர் முனைகளைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் செல்ஃப் அடிக்கட்டும். நல்ல வண்டி ஒரு வினாடிக்குள் ஸ்டார்ட் ஆகிவிடும், எண் ஓடி மறைந்துவிடும். சாதாரண மீட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும் என்பதால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. நான் செய்வது, மீட்டரைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பர் மேல் சாய்த்து, போனில் வீடியோ எடுத்து, பிறகு மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. பெரும்பாலான பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் நின்றுவிடும், இன்ஜின் பிடிக்காமல் சுற்றும். சாவி உள்ள வண்டியில் இதை வைத்து மூன்று வினாடி சுற்றவிட்டு நிதானமாக எண்ணைப் படிக்கலாம். ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம், செல்ஃப் மோட்டார் சூடேறும்.

முதல் நொடியில் எண் சட்டென்று ஆழமாக விழுந்து எழும்பும். அதை விட்டுவிட்டு, அதன்பின் நிலையாக நிற்கும் எண்ணைப் பாருங்கள். 10-க்கு மேல் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 9.6-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். நடுவில் நின்றால் வயதாகத் தொடங்கிவிட்டது, அடுத்த மழைக்காலம் தாண்டுமா என்பது கேள்வி. டீசல் வண்டி அதிகம் இழுக்கும், ஆனால் அதற்கேற்ற பெரிய பேட்டரியோடுதான் வரும். ஆகவே இதே எல்லைகளை வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஓய்வில் 12.0 காட்டும் பேட்டரியில் செல்ஃப் அடித்து 8.8 வந்தது, ஆகவே பேட்டரி போச்சு என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். பட்டினி கிடந்தவனை ஓடச் சொல்லி, விழுந்ததும் நோயாளி என்பதுபோல இது. காலியான பேட்டரியின் உள்தடை இயல்பாகவே கூடும், வோல்ட் விழத்தான் செய்யும். ஓய்வு வோல்ட் 12.4-க்குக் குறைவாக இருந்தால் செல்ஃப் அளவுக்கு எந்த மதிப்பும் இல்லை. முதலில் சார்ஜரில் போட்டு நிறைத்து, சில மணி நேரம் ஆறவிட்டு, பிறகு இரண்டு அளவுகளையும் மறுபடி எடுக்க வேண்டும். அந்த இரண்டாம் சுற்று எண்கள்தான் சாட்சி.

மூன்றாவது அளவு: இன்ஜின் ஓடும்போது

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து 1500 முதல் 2000 ஆர்பிஎம் வரை வைத்து, அதே ஈயக் கட்டைகளில் பாருங்கள். 13.8-க்கும் 14.7-க்கும் இடையே வர வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி புளோயர், பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் போடுங்கள். 13.5 அருகில் தாக்குப்பிடித்தால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. 12.5, 12.4, 12.3 என்று எண் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வண்டி முழுக்க பேட்டரியைத் தின்றுதான் ஓடுகிறது.

மேல்பக்கமும் ஓர் எல்லை உண்டு. 15-ஐத் தாண்டி நின்றால் ஆல்டர்நேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றுகிறது. அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் குறைவதும், பேட்டரி வருடத்துக்கு ஒன்று போவதும் இதனால்தான். பேட்டரி செத்தது உண்மை, ஆனால் கொன்றது ஆல்டர்நேட்டர்.

சமீப கால வண்டிகள் சிலவற்றில் நெகட்டிவ் கிளாம்பிலேயே ஒரு சிறிய கறுப்புப் பெட்டியும் அதிலிருந்து மெல்லிய ஒயரும் இருக்கும். அது பேட்டரி சென்சார். பேட்டரி நிறைந்திருக்கும்போது இன்ஜின் கம்ப்யூட்டர் எரிபொருள் மிச்சப்படுத்த ஆல்டர்நேட்டரை வேண்டுமென்றே தணித்துவிடும், மீட்டர் 12.7 காட்டும். அதைப் பார்த்து ஆல்டர்நேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். எண் 14 பக்கம் ஏறினால் எல்லாம் நலம்.

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "வண்டி நிக்கலை, அப்ப டைனமோ நல்லா இருக்கு" என்று சோதிக்கும் வழக்கம் இன்னும் சில ஷெட்டுகளில் இருக்கிறது. அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது. கழற்றும் கணத்தில் ஆல்டர்நேட்டரின் வோல்ட் பல மடங்கு எகிறும், கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் அது பெரிய செலவில் போய் முடியும்.

ஒரு வண்டியின் கதை

எங்கள் தெருவில் ஓர் அண்ணனின் ஏழு வருடப் பெட்ரோல் கார், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. ஒரு திங்கள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிக் கடையில் கொடுத்துச் சார்ஜ் போட்டு வாங்கினார், நான்கு நாள் ஓடியது. வெள்ளி மாலை வீடு வந்து சேர்ந்த வண்டி சனிக்கிழமை காலை மறுபடி இழுத்து நின்றது. கடையில் புதிது வாங்கச் சொல்லிவிட்டார்கள். "தம்பி, இதை மாத்தி 14 மாசம்தான் ஆகுது. வாங்கலாமா, வேண்டாமா?" என்று என்னிடம் கேட்டார்.

ஓய்வில் 11.94. செல்ஃப் அடித்தால் 8.8. பேட்டரி போச்சு என்று சொல்லத் தோன்றும் எண்கள். ஆனால் முன்னே சொன்னபடி காலியான பேட்டரிக்கு இது நியாயமான பரீட்சை இல்லை. நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, சிறிய சார்ஜரில் 4 ஆம்பியரில் பகல் முழுக்கப் போட்டோம். மாலையில் சார்ஜரை எடுத்துவிட்டு, ஒயரை மாட்டாமல் இரவு அப்படியே விட்டோம். மறுநாள் காலை 12.63. இரவு முழுக்கத் தனியாகக் கிடந்தும் இறங்கவில்லை என்பதே பேட்டரிக்குச் சாதகமான முதல் சாட்சி. ஒயரை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து மூன்று வினாடி சுற்றினோம். 10.5-இல் உறுதியாக நின்றது. பேட்டரி விடுதலை.

இன்ஜினை ஓடவிட்டோம். 12.41. ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினாலும் ஏறவில்லை. ஹெட்லைட் போட்டதும் 12.1, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கம். அந்த வண்டியில் பேட்டரி சென்சார் இல்லை, ஆகவே வேறு விளக்கத்துக்கு இடமும் இல்லை.

நான்கு நாள் எப்படி ஓடியது என்பதும் கணக்கில் சரியாக வந்தது. அலுவலகம் போக 12 நிமிடம், வர 12 நிமிடம். காலையில் இன்ஜின், பெட்ரோல் பம்ப், விசிறி எல்லாம் சேர்த்து சுமார் 10 ஆம்பியர் என்றால், 12 நிமிடம் ஒரு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆக 2 ஆம்பியர்-ஹவர். மாலையில் ஹெட்லைட்டோடு 20 ஆம்பியர் என்றால் 4. நாளுக்கு 6, நான்கு நாளுக்கு 24. 35-இல் 24 போனால் மிச்சம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செல்ஃப் எடுத்ததையும் சேர்த்தால் 11.94 வியப்பில்லை. சார்ஜ் போட்டதும் சில நாள் ஒழுங்காக ஓடி, பிறகு படுத்துவிடும் வண்டியில் ஆல்டர்நேட்டர் மேல் சந்தேகம் வர வேண்டும். பேட்டரியே கெட்டிருந்தால் பெரும்பாலும் மறுநாள் காலையே கைவிட்டிருக்கும்.

ஆல்டர்நேட்டரைக் கழற்றச் சொல்வதற்கு முன் இன்னும் ஓர் இடத்தில் பார்த்தோம். ஆல்டர்நேட்டரின் பின்னால் தடித்த ஒயர் ஏறும் திருகு இருக்கும், ரப்பர் தொப்பி போட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது மீட்டரின் சிவப்பு முனையை அதிலும், கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தோம். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே போகும் வேலை, துப்பட்டாவோ தொங்கும் சட்டைக் கையோ கூடாது. அங்கே 14.3 வந்திருந்தால் ஆல்டர்நேட்டர் நல்லது, நடுவில் உள்ள ஒயரோ பெரிய பியூஸோ போயிருக்கிறது என்று பொருள். அங்கேயும் 12.4-தான். பெல்ட் இறுக்கமாகவே இருந்தது.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்தபோது உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து, ரோட்டரை ஒழுங்காகத் தொடாமல் இருந்தது. முழு ஆல்டர்நேட்டர் மாற்றவில்லை, பிரஷ்ஷோடு ரெகுலேட்டர் மட்டும் போட்டார். மாட்டிய பிறகு 14.2, எல்லா லோடும் போட்டு 13.8. போகிற போக்கில் அவர் கேட்ட கேள்விதான் என்னைச் சுட்டது: "சாவி ஆன் பண்ணதும் பேட்டரி லைட் எரியுதான்னு பாத்தீங்களா சார்?" பார்க்கவில்லை. ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதால் ஆல்டர்நேட்டர் சரி என்று அண்ணன் நினைத்திருந்தார். ஆனால் சாவி ஆன் செய்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பும் அது எரியவில்லை. பல வண்டிகளில் அந்த விளக்கின் மின்சாரம் பிரஷ் வழியாகத்தான் போகும். பிரஷ் தொடாவிட்டால் விளக்கு எரியவே வாய்ப்பில்லை. ஸ்டார்ட் செய்வதற்கு முன் எரிந்து, பின் அணைய வேண்டிய விளக்கு அது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

எண்கள் வேறு மாதிரி வந்தால்

சார்ஜ் போட்டு ஆறிய பிறகு 12.5-க்கு மேல், செல்ஃப் அடிக்கும்போது 8.3, ஓடும்போது 14.2. இது தெளிவாக பேட்டரிதான். கொடுக்க வேண்டியதை ஆல்டர்நேட்டர் கொடுக்கிறது, பேட்டரியால் திருப்பித் தர முடியவில்லை.

மூன்று அளவும் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்குகிறது என்றால் இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள். வெளியில் மாட்டிய ஸ்டீரியோ, ஜிபிஎஸ், கேமரா ஏதாவது இரவெல்லாம் மின்சாரம் உறிஞ்சுகிறது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கழற்றியபோது நிற்கிறது, மாட்டியபோது இறங்குகிறது என்றால் திருடன் வண்டிக்குள் இருக்கிறான்.

செல்ஃப் அடித்தால் 'டக்' என்ற ஒரு சத்தம் மட்டும், ஆனால் மீட்டர் 12.3-ஐ விட்டு அசையவில்லை. அப்படியானால் செல்ஃப் மோட்டார் குடிக்க வேண்டிய பெரிய மின்சாரம் பேட்டரியை விட்டுப் போகவே இல்லை. ஈயக் கட்டையில் அளக்கச் சொன்னதன் காரணம் இங்கே வருகிறது. ஒரு முனையைக் கட்டையிலும் மறு முனையை அதன் மேல் மாட்டிய கிளாம்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வெள்ளையோ பச்சையோ பூத்த அந்த இணைப்புதான் வழியை அடைக்கிறது. வெந்நீர் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். எர்த் ஒயர் இன்ஜினில் சேரும் இடத்தையும் அதேபோலப் பாருங்கள். இரண்டும் சுத்தம் என்றால் செல்ஃப் மோட்டாரையோ அதன் சோலனாய்டையோ பார்க்க வேண்டும்.

ஆல்டர்நேட்டர் கெட்டு, நான்கைந்து முறை அடிவரை காலியான பேட்டரியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறை அடிவரை போகும்போதும் தகடுகளில் சல்பேட் இறுகும், அதில் கொஞ்சம் திரும்பி வராது. ஆகவே ஆல்டர்நேட்டரைச் சரிசெய்த பிறகு ஒரு மாதம் கழித்து முதல் இரண்டு அளவுகளை மறுபடி எடுங்கள். அந்த அண்ணனின் வண்டியில் இப்போது செல்ஃப் அளவு 10.2. முதலில் 10.5 இருந்தது.